ஆனர்ஸ் புராஜெக்ட் சரியாக வரவில்லை. பரிந்துரைக் கடிதத்தை எப்படிக் கேட்பது?

கேள்வி: டர்பனில் ஆனர்ஸ் முடிக்கப் போகிறேன். வெளிநாட்டில் மாலிக்யூலர் பயாலஜி மாஸ்டர்ஸுக்கு விண்ணப்பிக்க வேண்டும். என் குளோனிங் புராஜெக்ட் பாதியிலேயே நிற்கிறது. புரொஃபிடம் கடிதம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. மெயிலில் என்ன எழுதுவது?

பதில்:

என் கதையும் கிட்டத்தட்ட இதேதான். சாட்ஸ்வொர்த்திலிருந்து பஸ் பிடித்துப் போய் ஆனர்ஸ் செய்தேன், அப்புறம் ஜெர்மனியில் மாஸ்டர்ஸ். புரொஃபுக்கு நான் போட்ட முதல் மெயில் மூன்றே வரி: விண்ணப்பிக்கிறேன், சிவி இணைத்திருக்கிறேன், கடிதம் தர முடியுமா. இரண்டு நாள் கழித்து ஒரு வரியில் பதில் வந்தது: "தருகிறேன். ஆனால் நீ வேலை செய்து நான் எதைப் பார்த்தேன் என்று எழுதுவது?"

கோபம்தான் வந்தது. யோசித்தால் அவர் கேட்டது நியாயம். திங்கட்கிழமை லேப் மீட்டிங்கில்தான் அவர் என்னைப் பார்ப்பார். பெஞ்சில் கூடவே நின்றவர் போஸ்ட்டாக் அக்கா. சிவியில் இருப்பதையே கடிதமும் சொன்னால் அதற்கு மதிப்பில்லை. பக்கத்திலிருந்து பார்த்த ஒருவர் மட்டுமே சொல்லக்கூடியது அதில் இருக்க வேண்டும். அதை நினைவுபடுத்துவது நம் வேலை.

நான் நினைவுபடுத்தியது ஒரு தோல்வியை. ஒரு ஜீனை பிளாஸ்மிடில் ஒட்டி ஈ.கோலைக்குள் ஏற்றுவதுதான் புராஜெக்ட். முன்பெல்லாம் தட்டுக்கு முப்பது, நாற்பது கோலனி வரும். ஆகஸ்டில் திடீரென்று ஒன்றுகூட இல்லை. எல்லாரும் ஜீனை ஒட்டும் என்சைமான லிகேஸைச் சந்தேகப்பட்டார்கள், புதிது வாங்கலாம் என்றார்கள். நான் லிகேஷனே தேவைப்படாத, முழு வட்டமாக இருக்கும் பி.யூ.சி.19 பிளாஸ்மிடை 100 பிகோகிராம் எடுத்து அதே செல்களில் ஏற்றி, பத்தில் ஒரு பங்கைத் தட்டில் தடவினேன். மார்ச்சில் இதே சோதனைக்கு இருநூறு கோலனி வந்ததாக நோட்டில் இருந்தது. இப்போது இரண்டே இரண்டு. ஆக, பழுது செல்களில், லிகேஸில் இல்லை. லோட் ஷெடிங்கில் ஜெனரேட்டர் எடுக்காமல் போன ஓர் இரவு, மைனஸ் 80 ஃப்ரீசர் சூடேறி செல்கள் உருகி மறுபடி உறைந்திருக்கின்றன. புதிதாகச் செல் தயாரித்தோம், கோலனி வந்தது. ஆனால் ஆறு வாரம் போய்விட்டதால் புரதம் எடுக்கும் கட்டத்துக்கு நான் போகவே இல்லை.

இரண்டாவது மெயிலில் இதை ஏழெட்டு வரியில் எழுதி, அந்த நோட்டுப் பக்கத்தின் படத்தையும் வைத்தேன். "பெஞ்ச் வேலை பற்றி போஸ்ட்டாக்கிடம் கேட்டுக்கொள்ளுங்கள், அவரிடம் சொல்லியிருக்கிறேன்" என்று ஒரு வரி. "உங்களுக்கு உறுதியாக எழுத முடியும் என்று தோன்றினால் மட்டும்" என்று இன்னொரு வரி. மறுக்க நினைப்பவருக்கு அது ஒரு வழி விடும். சில புரொஃப்கள் "நீயே எழுதிக் கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்" என்பார்கள். கடிதமாக எழுதிக் கொடுக்காதீர்கள், இப்படிக் குறிப்பாகக் கொடுங்கள். நாமே எழுதினால் நம் மோட்டிவேஷன் லெட்டரின் நடையே அதிலும் வந்துவிடும், படிப்பவர் கண்டுபிடித்துவிடுவார்.

மதிப்பெண் விஷயத்தையும் கேட்டுவிடுங்கள். நம் ஊரில் 75 வாங்கினாலே டிஸ்டிங்ஷன். வெளியூரில் 72 என்று பார்ப்பவருக்கு அது சுமாராகத் தெரியும். வகுப்பில் நீங்கள் எத்தனையாவது என்று புரொஃப் ஒரு வரி சேர்த்தால் போதும்.

தேதிதான் பெரிய சிக்கல். நம் கல்வியாண்டு நவம்பரில் முடிகிறது. பல ஐரோப்பியப் படிப்புகளின் கடைசித் தேதி டிசம்பர், ஜனவரியில் விழும். ஆனர்ஸ் மதிப்பெண் அப்போது டிரான்ஸ்கிரிப்டில் ஏறியிருக்காது, புராஜெக்டுக்குச் சாட்சி அந்தக் கடிதம்தான். டிசம்பர் நடுவில் பல்கலைக்கழகம் மூடிவிடும், புரொஃப் குடும்பத்தோடு கடற்கரைக்குப் போய்விடுவார். அதனால் அக்டோபரில் கேளுங்கள். விண்ணப்பத் தளம் அனுப்பும் லிங்க் அவருடைய பல்கலைக்கழக முகவரிக்குப் போக வேண்டும்; ஜிமெயிலைப் பல இடங்களில் ஏற்பதில்லை. லிங்க் போன அன்றே "வந்ததா?" என்று கேட்டுவிடுங்கள். என் புரொஃபுக்கு வந்த லிங்க் ஸ்பாமில் கிடந்தது, போஸ்ட்டாக் அக்காதான் அவரைத் தேடி எடுக்கச் சொன்னார்.

கடிதத்தை நான் இன்றுவரை பார்த்ததில்லை. ஆனால் வீடியோ நேர்காணலில் புராஜெக்டின் தலைப்பைக்கூட யாரும் கேட்கவில்லை. முதல் கேள்வியே, "லிகேஸ் இல்லை, செல்தான் என்று எப்படி முடிவு செய்தாய்?" பி.யூ.சி.19 கதையை மறுபடி சொன்னேன்.