200 வரிசைகளில் காணாமல் போன 88 சென்டிமீட்டர்

கேள்வி: 6 கி.மீ. குடிநீர்க் குழாயை 30 மீட்டர் வீதம் 200 துண்டுகளாகப் பிரித்து எக்செலில் உராய்வு இழப்பைக் கணக்கிட்டேன். மீட்டருக்கு 0.00148 மீ. இழப்பு; ஒவ்வொரு வரிசையையும் இரண்டு தசமத்துக்கு ரவுண்ட் செய்திருக்கிறேன். தாளில் மொத்தம் 8.00 மீ., கையால் போட்டால் 8.88 மீ. இது ரவுண்டிங்கால் வந்ததா, சூத்திரத்தில் பிழையா? எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: ரவுண்டிங்தான். உங்கள் ஒரு வரிசையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 30 மீட்டருக்கு உண்மையான இழப்பு 0.0444 மீ.; தாள் அதை 0.04 ஆக்குகிறது. ஒவ்வொரு முறையும் 0.0044 மீ. விழுகிறது, 200 முறை விழும்போது அது 0.88 மீ. ஆகிவிடுகிறது. ரவுண்டிங் பிழைகள் கூடியும் குறைந்தும் ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்ளும் என்ற நம்பிக்கை, எண்கள் வரிசைக்கு வரிசை மாறும்போதுதான் பொருந்தும். உங்கள் துண்டுகள் எல்லாம் ஒரே நீளம், ஒரே ஓட்டம் என்பதால் பிழையும் ஒரே திசையில் சேர்கிறது. 1982இல் 1000 புள்ளியில் தொடங்கிய வான்கூவர் பங்குச் சந்தைக் குறியீட்டுக்கும் இதுவே நேர்ந்தது. ஒவ்வொரு கணக்கீட்டிலும் மூன்று தசமத்துக்குப் பிந்தையதை வெட்டியதால், 1983 நவம்பரில் அது 520ஐ ஒட்டி நின்றது. திருத்திய மதிப்பு 1098.892.

இனி, விடை கையில் இல்லாத தாளில் இதை எப்படி அறிவது என்று பார்ப்போம். முதலில் இரண்டு எல்லைகளைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். இரண்டு தசமத்துக்கு ரவுண்ட் செய்தால் ஒரு வரிசையில் அதிகபட்சப் பிழை 0.005 மீ.; 200 வரிசைகளுக்கு 1.00 மீ. இது மேல் எல்லை. பிழைகள் தற்செயலாகக் கூடியும் குறைந்தும் வந்தால் மொத்தத்தின் திட்ட விலக்கம் 0.01 × √(200/12), அதாவது ஏறத்தாழ 0.04 மீ. வித்தியாசம் 0.04ஐ ஒட்டி இருந்தால் அது சாதாரண ரவுண்டிங். 0.88 போல மேல் எல்லையை நெருங்கினால் ஒருதிசைப் பிழை. 1.00ஐத் தாண்டினால் அந்த நெடுவரிசையின் ரவுண்டிங் மட்டும் காரணமாக இருக்க முடியாது. சூத்திரத்தையோ முந்தைய நெடுவரிசைகளையோ பார்க்க வேண்டும்.

முந்தைய நெடுவரிசைகள் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. அங்கே செய்யும் ரவுண்டிங் பின்னால் பெருக்கப்படுகிறது. மீட்டருக்கான 0.00148ஐ யாரேனும் மூன்று தசமத்துக்குச் சுருக்கி 0.001 ஆக்கியிருந்தால், 6000 மீட்டருக்கு 6.00 மீ. மட்டுமே வரும். மூன்று தசமம் என்றால் துல்லியம் என்று தோன்றும். ஆனால் அந்த எண்ணில் மிஞ்சுவது ஒரே ஒரு பொருளுள்ள இலக்கம்.

அடுத்து, ரவுண்டிங் இல்லாத ஓர் இணை நெடுவரிசையைப் போடுங்கள். C நீளம், D மீட்டருக்கான இழப்பு, E நீங்கள் ரவுண்ட் செய்தது என்றால், F5, G5 ஆகியவற்றில் முறையே இவற்றை இட்டு 204ஆம் வரிசை வரை இழுங்கள்:

```
=C5*D5
=SUM($E$5:E5)-SUM($F$5:F5)
```

G நெடுவரிசையை வரைபடமாக்கினால் நோய் கண்ணுக்குத் தெரியும். கோடு நேராகச் சரிந்தால் ஒருதிசைப் பிழை; பூஜ்யத்தைச் சுற்றி அலைந்தால் தற்செயல் பிழை; ஓர் இடத்தில் திடீரென்று தாவினால் அந்த வரிசையில் யாரோ கையால் எண்ணைத் தட்டியிருக்கிறார்கள், அல்லது சூத்திரம் அங்கே மாறியிருக்கிறது. உங்கள் தாளில் −0.88 வரை நேர்கோடு வரும்.

இன்னொரு சோதனை, தசம இடத்தை B1 என்ற ஒரே கட்டத்தில் வைத்து E5இல் இப்படி எழுதுவது:

```
=ROUND(C5*D5,$B$1)
```

B1இல் 2 இட்டால் 8.00, 3 இட்டால் 8.80, 4 இட்டால் 8.88 வரும், 5, 6 இட்டாலும் அதே 8.88தான். தசமத்தைக் கூட்டும்போது விடை நகர்ந்து ஓரிடத்தில் நின்றுவிடுவதே ரவுண்டிங் பிழையின் அடையாளம். சூத்திரப் பிழையாக இருந்தால் விடை நிலைகொள்ளும், ஆனால் தவறான இடத்தில். அதனால்தான் முழு நீளத்தையும் ஒரே பெருக்கலாகப் போடும் கைக்கணக்கு உடன் வேண்டும்.

ROUND எங்கும் கண்ணில் படாமலேயே இது நடக்கலாம். எக்செலின் File > Options > Advanced பகுதியில் Set precision as displayed தேர்வாகியிருந்தால், கட்டத்தில் தெரியும் எண்ணே கணக்குக்குப் போகும். ஒருமுறை இதை அறியாமல் அரை நாள் சூத்திரங்களைத் துழாவியிருக்கிறேன். தட்டச்சு செய்த எண்களின் மறைந்த தசமங்களை அது நிரந்தரமாக அழித்துவிடுவதால், தேர்வை நீக்கினாலும் அவை திரும்பி வருவதில்லை. மூலத் தரவை மறுபடியும் உள்ளிட வேண்டும்.

திருத்தம் எளிது: E5இல் ROUNDஐ நீக்கிவிட்டு, இரண்டு தசமத்தை எண் வடிவமைப்பால் மட்டும் காட்டுங்கள். அறிக்கையில் அச்சிட்ட எண்களைக் கூட்டினால் மொத்தம் பொருந்த வேண்டும் என்று சரிபார்ப்பவர் கேட்டால், துண்டின் இழப்பை விட்டுவிட்டு, தொடக்கத்திலிருந்து அந்தப் புள்ளி வரையான மொத்த இழப்பை ரவுண்ட் செய்து, துண்டின் இழப்பை அவற்றின் வித்தியாசமாக எடுங்கள். உங்கள் குழாயில் மொத்தம் 0.04, 0.09, 0.13, 0.18, 0.22 என்று போகும், துண்டுகள் 0.04, 0.05, 0.04, 0.05, 0.04 என்று அச்சாகும். எந்தப் புள்ளியிலும் பிழை 0.005 மீட்டரைத் தாண்டாது; 204ஆம் வரிசையில் 8.88 நிற்கும்.