கீகேப் ஏன் பளபளக்கிறது? – கேள்வி பதில்

“மூன்று வருடமாக ஒரே கீபோர்டு. A, S, E, N கீகளும் ஸ்பேஸ் பாரின் வலது பாதியும் பளபளவென்று ஆகிவிட்டன. எண்ணெய்ப் பிசுக்கு என்று நினைத்து வாரம் தவறாமல் துடைக்கிறேன். போகவில்லை.”

வலது பாதி மட்டும் என்று நீங்கள் குறிப்பிட்டதே பாதி விடையைச் சொல்லிவிடுகிறது. ஸ்பேஸ் பாரை நீங்கள் வலது கட்டைவிரலால் மட்டும் தட்டுகிறீர்கள். இருப்பினும் ஊகத்தில் நிறுத்தாமல் சோதித்துப் பாருங்கள். கீகளின் மேல்மூடிகளான கீகேப்களைக் கழற்றி, கை பொறுக்கும் வெதுவெதுப்பான நீரில், பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு விட்டு, அரை மணி நேரம் ஊறவைத்து மென்மையான பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். கீகேப்பின் அடியில் சுவிட்சில் பொருந்தும் தண்டுக்குள் தேங்கும் நீர் எளிதில் வெளியேறாது என்பதால், கவிழ்த்து வைத்து ஒரு நாள் முழுவதும் உலரவிடுங்கள். பிறகு A கீயையும், நீங்கள் அநேகமாகத் தொட்டே இராத Scroll Lock கீயையும் அருகருகே வைத்து, ஒரு விளக்கின் ஒளி பக்கவாட்டில் சாய்வாக விழும்படி பாருங்கள்.

Scroll Lock கீயின் மேற்பரப்பு மணல் தூவியதுபோல் மங்கலாகத் தெரியும். கழுவிய பிறகு A கீயும் அப்படியே தெரிந்தால், இருந்தது பிசுக்கு. விரல் படும் நடுப்பகுதியில் மட்டும் ஒரு நீள்வட்டம் கண்ணாடிபோல் ஒளியைத் திருப்பி அனுப்பி, ஓரங்கள் மங்கலாகவே இருந்தால், அது தேய்மானம். எவ்வளவு துடைத்தாலும் போகாது. உங்கள் விவரிப்பை வைத்துப் பார்த்தால் இரண்டாவதுதான்.

நடப்பது இதுதான். கீகேப் வார்க்கும் அச்சின் உட்புறத்தில் மிக நுண்ணிய மேடுபள்ளங்களைப் பொறித்திருப்பார்கள். அவை பிளாஸ்டிக்கில் பதிந்து, விழும் ஒளியைப் பல திசைகளில் சிதறடிப்பதால்தான் புதிய கீகேப் மங்கலாகத் தெரிகிறது. விரலும் அதில் ஒட்டிய தூசியும் லட்சக்கணக்கான முறை உரசும்போது மேடுகளின் முனைகள் மழுங்குகின்றன. மழுங்கிய பரப்பு ஒளியை ஒரே திசையில் திருப்புகிறது. பளபளப்பு என்பது மேலே படிந்த எதுவுமன்று, மேலிருந்து காணாமல் போன ஒன்று.

“என்னிடம் இருப்பது ஏபிஎஸ்ஸா பிபிடியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டேன்.”

கீகேப்கள் பெரும்பாலும் ஏபிஎஸ், பிபிடி என்ற இரு பிளாஸ்டிக்குகளில் ஒன்றால் ஆனவை. எது என்று அறிய உப்புநீர் போதும். 100 மில்லிலிட்டர் நீரில் 30 கிராம் உப்பை முழுவதும் கரையுங்கள். ஏபிஎஸ்ஸின் அடர்த்தி ஏறத்தாழ 1.05, பிபிடியின் அடர்த்தி ஏறத்தாழ 1.31, இந்தக் கரைசல் இரண்டுக்கும் இடைப்பட்டது. எனவே ஏபிஎஸ் மிதக்கும், பிபிடி மூழ்கும். கீகேப்பின் குழிக்குள் காற்றுக்குமிழி சிக்கியிருந்தால் பிபிடியும் மிதந்து ஏமாற்றும் என்பதால், நீருக்கடியில் சாய்த்துக் குமிழிகளை வெளியேற்றிவிட்டு முடிவைப் பாருங்கள். இரு பிளாஸ்டிக்குகள் சேர்ந்த டபுள் ஷாட் கீகேப்பில் விடை இடையில் தடுமாறலாம். எழுத்தில்லாத கீ இருந்தால் அதைச் சோதிப்பது நல்லது. ஸ்பேஸ் பாரைத் தனியாகச் சோதியுங்கள். எழுத்துக் கீகள் பிபிடியாகவும் ஸ்பேஸ் பார் மட்டும் ஏபிஎஸ்ஸாகவும் இருப்பது பழைய வழக்கம். அச்சில் வார்த்துக் குளிரும்போது ஏபிஎஸ் அரை சதவீத அளவில்தான் சுருங்கும்; பிபிடி அதைப்போல் மூன்று மடங்குக்குக் குறையாமல் சுருங்குவதால், நீளமான கீ வளைந்துவிடும்.

அசிட்டோனைத் தொட்டுப் பார்க்கும் சோதனையைப் பலர் சொல்வார்கள். விடை சரியாகத்தான் வரும். ஆனால் ஏபிஎஸ்ஸாக இருந்தால் அந்தக் கீகேப் கெட்டுவிடும். அசிட்டோனைக் கீபோர்டு இருக்கும் மேசைக்கே கொண்டுவராதீர்கள்.

“பிபிடி வாங்கினால் பளபளப்பே வராது, சரிதானே?”

சரியில்லை. பிபிடி மெதுவாகத் தேயும், தேயாமல் இருக்காது. என் அலுவல் கீபோர்டில் உள்ள பிபிடி தொகுப்பில் E கீயும் ஸ்பேஸ் பாரும் இப்போது தெளிவாகப் பளபளக்கின்றன. ஏபிஎஸ்ஸில் சில மாதங்களிலேயே தெரிந்தது, இதில் வருடங்கள் எடுத்துக்கொண்டது. அவ்வளவுதான் வேறுபாடு.

“நான் ஊசிவார்ப்புப் பட்டறையில் இருபது வருடமாக வேலை செய்கிறேன். நீங்கள் பிளாஸ்டிக்கின் பெயரை வைத்தே எல்லாம் பேசுகிறீர்கள். அச்சை யார் பார்க்கிறார்கள்? ஆழமான டெக்ஸ்சர் போட்ட ஏபிஎஸ், மேலோட்டமான டெக்ஸ்சர் போட்ட பிபிடியைவிட நாள்பட உழைக்கும்.”

அச்சைப் பற்றி நீங்கள் சொல்வதை முழுமையாக ஏற்கிறேன். நான் அதற்கு உரிய இடம் தரவில்லை. மேடுகள் உயரமாக இருந்தால் அவை மழுங்கி ஒளி மாறுவதற்கு அதிக உரசல் தேவை. அச்சு பழசாகி அதன் டெக்ஸ்சரே தேய்ந்திருந்தால், கீகேப் பிறக்கும்போதே பாதி பளபளப்போடு பிறக்கிறது. ஒரே தொகுப்பில் சில கீகள் மட்டும் விரைவில் வழவழப்பாவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஆனால் உங்கள் கடைசி வாக்கியத்தைப் பொதுவிதியாக ஏற்க முடியவில்லை. ஒரே ஆழத்தில் டெக்ஸ்சர் போட்ட இரண்டையும் ஒரே கையில் கொடுத்தால் ஏபிஎஸ்தான் முதலில் தோற்கும் என்பதே என் அனுபவம். எவ்வளவு ஆழ வேறுபாடு இருந்தால் முடிவு தலைகீழாகும் என்பதை உங்களைப் போல அச்சைக் கையில் வைத்திருப்பவர்கள்தான் அளந்து சொல்ல வேண்டும்.

“இரண்டு பேரும் உரசலையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். தோலின் எண்ணெய் ஏபிஎஸ்ஸை ஊறவைத்து மென்மையாக்குகிறது. அதுதான் மூலகாரணம். எனக்குக் கை வியர்க்கும். என் கீகேப் இரண்டே மாதத்தில் போய்விட்டது.”

உங்கள் கூற்றில் உண்மை இருக்கிறது. எண்ணெய்களும் சன்ஸ்கிரீன், கை கிரீம் போன்றவையும் ஏபிஎஸ்ஸைப் பாதிக்கக்கூடியவை. கிரீம் தடவிய கையோடு தட்டச்சு செய்யாதீர்கள். ஆனால் மூலகாரணம் என்பதில் எனக்கு உடன்பாடில்லை, அதற்கு உங்கள் கீபோர்டிலேயே சான்று இருக்கிறது. கீகேப்பைக் கழற்றி, பிசுக்கு வழிந்து படியும் பக்கச் சுவர்களைப் பாருங்கள். அங்கே எண்ணெய் மாதக்கணக்கில் துடைக்கப்படாமல் கிடக்கிறது, ஆனால் விரல் உரசுவதில்லை. கழுவிய பிறகு அந்தச் சுவர் மங்கலாகத்தானே இருக்கிறது? எண்ணெய் மட்டும் போதுமென்றால் அதுவும் பளபளத்திருக்க வேண்டும்.

“பட்டறைக்காரனே மறுபடியும். எண்ணெயும் வேண்டும், உரசலும் வேண்டும். ஊறிய பிளாஸ்டிக் சீக்கிரம் தேயும். பக்கச் சுவர் உங்கள் இருவரில் யாரையும் தோற்கடிக்கவில்லை.”

இதை மறுக்க என்னிடம் சான்று இல்லை. எண்ணெய் தனியாகப் பளபளப்பைத் தராது என்பதைத்தான் பக்கச் சுவர் காட்டுகிறது. உரசலுக்கு அது எவ்வளவு துணைபோகிறது என்பதைக் காட்டவில்லை. ஒரு கையில் வியர்வை அதிகம், மற்றொரு கையில் குறைவு என்று அமைந்த ஒருவர் கிடைத்தால்தான் இந்த வழக்கு தீரும்.

“பளபளத்த ஏபிஎஸ் கீகேப்பை மூடிய டப்பாவில் வைத்து அசிட்டோன் ஆவி காட்டினால் பழைய சொரசொரப்பு திரும்பும் என்று ஒரு காணொளியில் பார்த்தேன். எத்தனை நிமிடம் வைக்க வேண்டும்?”

ஒரு நிமிடம்கூட வேண்டாம். முப்பரிமாண அச்சில் எடுத்த ஏபிஎஸ் பொருள்களை வழவழப்பாக்குவதற்கே அசிட்டோன் ஆவியைப் பயன்படுத்துகிறார்கள். ஆவி மேல்தோலைக் கரைக்கிறது. கரைந்த பிளாஸ்டிக் மேடுகளிலிருந்து பள்ளங்களுக்குள் ஓடிச் சமமாகிறது. நடுவில் மட்டும் இருந்த பளபளப்பு கீகேப் முழுவதும் பரவும், தண்டின் அளவும் மாறி சுவிட்சில் சரியாக உட்காராது. அந்த ஆவி எளிதில் தீப்பற்றக்கூடியதும்கூட.

“நான் 2000 எண் உப்புத்தாளால் தேய்த்தேன். புதுசு மாதிரி ஆகிவிட்டது.”

பாதி சரி. மேற்பரப்பு மங்கலாகும் என்பது உண்மை. ஆனால் உப்புத்தாள் உருவாக்குவது ஒரே திசையில் ஓடும் கீறல்களை; அச்சின் டெக்ஸ்சரோ எல்லாத் திசைகளிலும் சிதறியது. சாய்ந்த ஒளியில் அந்தக் கோடுகள் தெரியும். 2000 எண் தாளின் கீறல்கள் மிக மெல்லியவை என்பதால் சில வாரங்களில் மீண்டும் மழுங்கிவிடும். டெக்ஸ்சரை உண்மையாகவே ஒத்த பரப்பு வேண்டுமென்றால் நுண்மணலைக் காற்றழுத்தத்தில் பீய்ச்சும் முறைதான் உண்டு. அதை டபுள் ஷாட் போல எழுத்து பிளாஸ்டிக்குக்குள் ஆழமாக இருக்கும் கீகேப்புக்குத்தான் செய்ய முடியும்; மேலே அச்சிட்ட எழுத்தாக இருந்தால் எழுத்தும் சேர்ந்து போய்விடும்.

“ஏபிஎஸ்ஸில் டை சப் எழுத்து கிடைக்குமா? கறுப்புக் கீகேப்பில் வெள்ளை எழுத்து வேண்டும்.”

இரண்டும் கடினம். டை சப்பில் சாயம் ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஆவியாகிப் பிளாஸ்டிக்குக்குள் இறங்குகிறது. பிபிடி 220 டிகிரிக்கு மேல்தான் உருகும் என்பதால் அதைத் தாங்குகிறது. ஏபிஎஸ் 105 டிகிரியை ஒட்டியே இளகத் தொடங்கிவிடும். இதே காரணத்தால்தான் கொதிநீரில் ஏபிஎஸ் கீகேப்பைப் போடாதீர்கள் என்கிறேன். அடுத்து, சாயத்தால் கறுக்கச் செய்ய முடியுமே தவிர வெளுக்கச் செய்ய முடியாது. வெள்ளைக் கீகேப்பை எடுத்து, எழுத்தின் இடத்தை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றிலும் கறுப்புச் சாயம் ஏற்றுவது ஒரு வழி. அதில் எழுத்தின் விளிம்பு கூர்மையாக வருவது அரிது. கூர்மையான வெள்ளை எழுத்துக்கு டபுள் ஷாட்டே பொருத்தம்.

“என் சுவிட்ச் கிறீச்சிடுகிறது, எந்த எண்ணெய் போடலாம்?”

சுவிட்ச் என் துறையன்று. அதை அறிந்தவர்களிடம் கேளுங்கள். எந்த எண்ணெயானாலும் கீகேப்பைக் கழற்றிவிட்டுப் போடுங்கள்.

“பிபிடி பளபளக்காது என்று கேள்விப்பட்டேன், உண்மையா?”

மேலே மூன்றாவது பதில்.

“கனமான கீகேப் பளபளக்காது அல்லவா?”

தடிமன் ஒலியை மாற்றும். மேற்பரப்பின் தேய்மானத்துக்கும் சுவரின் தடிமனுக்கும் தொடர்பில்லை.

“என்னுடையது டபுள் ஷாட் பிபிடி, உள்ளிருந்து விளக்கு எரியும் வகை. கீகேப் மங்கலாகவே இருக்கிறது, ஆனால் எழுத்து மட்டும் மினுங்குகிறது. போலிச் சரக்கா?”

போலியாக இருக்க வேண்டியதில்லை. பிபிடி ஒளியை நன்றாக ஊடுருவ விடாது. விளக்கொளி தெரிய வேண்டும் என்பதற்காக எழுத்துக்குரிய உட்பகுதியைப் பல தயாரிப்பாளர்கள் ஒளி ஊடுருவும் ஏபிஎஸ் போன்ற வேறு பிளாஸ்டிக்கில் வார்த்து, அதைச் சுற்றிப் பிபிடியை வார்க்கிறார்கள். உங்கள் விரல் இரண்டையும் ஒரே அளவில்தான் உரசியிருக்கிறது, உட்பகுதி முதலில் மழுங்கியிருக்கிறது. ஓர் உருப்பெருக்கியால் எழுத்தின் விளிம்பைப் பாருங்கள். மங்கலான பரப்பும் மினுங்கும் பரப்பும் ஒரே கோட்டில் சட்டென்று பிரியும். எண்ணெயாக இருந்தால் அது அந்தக் கோட்டை மதிக்காமல் இரு பக்கமும் பரவியிருக்கும். பட்டறை நண்பரே, ஒரே விரல், ஒரே கீ, இரண்டு பிளாஸ்டிக்குகள் என்று நமக்கு வேண்டிய சோதனை இவரிடம் ஏறத்தாழ தயாராக இருக்கிறது. இரண்டின் டெக்ஸ்சரும் ஒரே ஆழத்தில் தொடங்கியிருக்குமா என்பதை மட்டும் நீங்கள் சொல்லுங்கள்.