வாட்ஸ்அப் கணக்கை அழித்த பிறகு அதே எண்: 90 நாள் யாருக்கு?

கேள்வி: போன வாரம் கோபத்தில் என் வாட்ஸ்அப் கணக்கை டெலீட் செய்துவிட்டேன். அதே நம்பரில் மறுபடி சேர 90 நாள் காத்திருக்கணும் என்கிறார்கள். உண்மையா?

காத்திருக்க வேண்டாம். எண் உங்களிடமே இருந்து, ஓடிபி வந்தால் இன்றே சேரலாம். அந்த 90 நாள் நிறுவனம் தனக்கு வைத்துக்கொண்ட கெடு. அழிக்கச் சொன்ன கணக்கின் தகவல்களைத் தன் சர்வர்களிலிருந்து துடைத்து முடிக்க அதிகபட்சம் 90 நாள் ஆகலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். யாரோ அதை அரைகுறையாகப் படித்துவிட்டு நமக்கான தடை என்று பரப்பியிருக்கிறார்கள்.

எங்கள் சித்தி கதையைச் சொன்னால் புரியும். குடும்பக் குரூப்பில் ஒரு கல்யாணப் பேச்சு சண்டையாகி, ராத்திரி `Delete account` அழுத்திவிட்டார். விடிந்ததும் மனசு மாறியது. நம்பரைப் போட்டார், ஆறு இலக்கக் குறியீடு வரவில்லை. வீட்டின் அந்த மூலையில் சிக்னல் சரியாக இருக்காது. அது தெரியாமல் "மறுபடி அனுப்பு" பட்டனை நாலைந்து முறை தட்டியிருக்கிறார். பிறகு தாமதமாகக் குறியீடுகள் மொத்தமாக வந்து விழுந்தன. அவர் பழையதை அடித்தார், தப்பு என்றது. கடைசியில் சில மணி நேரம் கழித்து வா என்று திரையில் கடிகாரம் ஓட ஆரம்பித்தது. "பார், 90 நாள் தடை போட்டுட்டான்" என்று எனக்குப் போன்.

அது தடையே இல்லை. அடிக்கடி குறியீடு கேட்டாலும், தப்பாக அடித்தாலும் விழும் தற்காலிகப் பூட்டு. இதில் செய்ய வேண்டியது கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருப்பதுதான். நான் சாயங்காலம் போனபோது கெடு முடிந்திருந்தது. வாசலில் நின்று ஒரே ஒருமுறை கேட்டோம், குறியீடு வந்தது, பெயர் போட்டார், உள்ளே போய்விட்டார்.

ஆனால் போனது போனதுதான். கணக்கை அழித்தால் எல்லாக் குரூப்பிலிருந்தும் பெயர் நீங்கிவிடும், கூகுளில் எடுத்து வைத்த பேக்கப்பும் சேர்ந்து அழிந்துவிடும். சித்திக்குப் பழைய சாட் எதுவும் திரும்பவில்லை. கேலரியில் சேமித்திருந்த படங்கள் மட்டும் மிஞ்சின. ஒவ்வொரு குரூப்பிலும் அட்மின் மறுபடி சேர்த்துவிட வேண்டியிருந்தது. சண்டை போட்ட அந்தக் குரூப்பின் அட்மின் யார் என்று கேட்காதீர்கள்.

நிஜமாகவே நாள் கணக்கில் காத்திருக்க வைப்பது வேறு ஒன்று. ஆப்பை அன்இன்ஸ்டால் செய்துவிட்டு கணக்கை அழித்துவிட்டதாக நினைப்பவர்கள் நிறைய. ஆப் போனாலும் கணக்கு அப்படியே இருக்கும். இருபடிச் சரிபார்ப்பு போட்டிருந்தால் அதன் ஆறு இலக்க பின் நம்பரும் இருக்கும். மறுபடி நிறுவும்போது எஸ்எம்எஸ் குறியீட்டை ஏற்றுக்கொண்ட பிறகு பின் நம்பரைக் கேட்கும். மறந்துவிட்டது, மீட்பு மின்னஞ்சலும் கொடுக்கவில்லை என்றால் பின்னை மாற்ற 7 நாள் காத்திருக்கத்தான் வேண்டும். மின்னஞ்சல் கொடுத்திருந்தால் அதற்கு வரும் இணைப்பை அழுத்தி உடனே மாற்றிவிடலாம்.

ஆக, எந்த இடத்தில் நிற்கிறது என்று பாருங்கள். குறியீடு வராமலோ ஏற்காமலோ நின்றால் மணிக்கணக்கு. குறியீட்டைத் தாண்டி பின் நம்பரைக் கேட்டு, அதுவும் மறந்து மின்னஞ்சலும் இல்லை என்றால் 7 நாள். இந்த எண்ணுக்கு வாட்ஸ்அப் பயன்படுத்த அனுமதி இல்லை என்று வந்தால் அது முடக்கம். நாட்களை எண்ணிப் பயனில்லை, அதே திரையில் மறுபரிசீலனை கேட்டு விண்ணப்பிக்க வேண்டும்.

இன்னொரு 90 நாளும் இருக்கிறது, குழப்பத்துக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். இந்தியாவில் துண்டிக்கப்பட்ட மொபைல் எண்ணைக் குறைந்தது 90 நாளுக்கு வேறு யாருக்கும் கொடுப்பதில்லை என்று 2023 நவம்பரில் உச்ச நீதிமன்ற வழக்கு ஒன்றில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் சொன்னது. அது சிம் விவகாரம். நீங்கள் அந்த சிம்மையே விட்டிருந்தால்தான் யோசிக்கணும்: எண் வேறொருவர் கைக்குப் போய்விட்டால் ஓடிபி அவருக்குத்தான் போகும். சிம் போனிலேயே இருக்கிறது என்றால், நல்ல சிக்னல் வரும் இடத்தில் நின்று ஒருமுறை மட்டும் குறியீடு கேளுங்கள்.