கேமரா முன்னால் உட்காரும் முன்

கேள்வி: வியாழக்கிழமை காலை 11 மணிக்கு எனக்கு வீடியோ நேர்காணல், ஜூம் லிங்க் அனுப்பியிருக்கிறார்கள். போன மாதம் வேறொரு கம்பெனிக்குப் பேசியபோது, "முகமே தெரியலம்மா, குரல் கிணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்கு" என்றார்கள். பாதியில் கரண்டும் போய்விட்டது. கண்ணைப் பார்த்துப் பேசு என்கிறார்கள், ஸ்க்ரீனில் எங்கே பார்ப்பது? எங்கள் வீட்டில் ஒரே அறை, கிழக்குப் பார்த்த ஒரு ஜன்னல்.
- வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்:

அன்புத் தங்கைக்கு,

முதலில் குரலைச் சரி செய்யுங்கள். பல வருடமாக இப்படிப்பட்ட நேர்காணல்களில் கேள்வி கேட்கும் பக்கம் உட்கார்ந்தவள் என்ற முறையில் சொல்கிறேன். முகம் கொஞ்சம் இருட்டாக இருந்தாலும் பதிலைக் கேட்டு மார்க் போட முடியும். குரல் தெளியாவிட்டால் நீங்கள் சொன்ன நல்ல பதிலும் எங்களிடம் வந்து சேராது. இரண்டு தடவை "திரும்பச் சொல்லுங்க" என்று கேட்போம். மூன்றாவது தடவை கேட்கக் கூச்சப்பட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவோம்.

கிணற்றுக் குரலுக்குக் காரணம் உங்கள் தொண்டை இல்லை, அறை. சிமென்ட் சுவர், டைல்ஸ் தரை, மேலே தளம். லேப்டாப் மைக் உங்கள் வாயிலிருந்து இரண்டடி தள்ளி இருக்கிறது. அதனால் நேராக வரும் குரலோடு, சுவரில் மோதித் திரும்பும் குரலையும் அது சேர்த்தே பிடிக்கிறது. மைக்கை வாய்க்குக் கிட்டே கொண்டுவந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். மைக் வைத்த சாதாரண ஒயர் இயர்போன் போதும். ப்ளூடூத் வேண்டாம். பேச ஆரம்பித்ததும் பல ப்ளூடூத் இயர்போன்களின் ஒலித்தரம் இறங்கிவிடும், சார்ஜும் நடுவில் தீரலாம். மீதிப் பாதிக்கு, லேப்டாப்புக்குப் பின்னால் இருக்கும் சுவரைக் கவனியுங்கள். உங்கள் குரல் முதலில் போய் மோதுவது அங்கேதான். துணிக்கொடி கட்டி அதில் ஒரு கனமான ஜமுக்காளத்தைத் தொங்கவிடுங்கள். மெத்தையைச் சுவரோரம் சாய்த்து வைத்தாலும் சரி. அவர்களுக்கு அதெல்லாம் தெரியாது, கேமரா உங்களைத்தானே பார்க்கிறது.

ஒயர் இயர்போனில் ஒரு தொல்லை உண்டு. ஒரு பெண் பேசும்போது அவள் தலையைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் எங்களுக்குக் 'கரகர' என்று கேட்டது. மைக் அவள் துப்பட்டாவில் உரசிக்கொண்டிருந்தது. அவளுக்கு அது கேட்கவே இல்லை. மைக் இருக்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே ஒயரை ஒரு ஊக்கால் சுடிதார் கழுத்தில் குத்திக்கொள்ளுங்கள். மைக் மோவாய்க்கு ஒரு சாண் கீழே, துணியில் படாமல் நிற்க வேண்டும். கழுத்துச் சங்கிலியையும் கழற்றிவிடுங்கள்.

மின்விசிறி இல்லாமல் நம் ஊர்ப் புழுக்கத்தில் உட்கார முடியாது. தலைக்கு மேல் ஓடும் விசிறியின் காற்று மைக்கில் மோதினால் 'புஸ் புஸ்' என்று கேட்கும். ஜூம் தானாகவே இரைச்சலைக் குறைக்கும் என்பது உண்மைதான். ஆனால் இரைச்சல் அதிகமாக இருந்தால் உங்கள் சொற்களின் ஓரங்களையும் சேர்த்து நறுக்கிவிடும். மேசை விசிறி இருந்தால் தரையில் வைத்துக் காலில் காற்றுப் படும்படி திருப்புங்கள்.

இதெல்லாம் செய்தபின் zoom.us/test என்ற முகவரிக்குப் போனால், நீங்கள் பேசியது உங்களுக்கே திரும்பக் கேட்கும். புதன்கிழமை இதே 11 மணிக்கு அதைச் செய்யுங்கள். தெருவில் மீன் வண்டி எப்போது வருகிறது, பக்கத்து வீட்டு மிக்ஸி எப்போது ஓடுகிறது, எல்லாம் அப்போது தெரிந்துவிடும்.

வெளிச்சத்துக்கு உங்கள் கிழக்கு ஜன்னலே போதும். போன தடவை ஜன்னல் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்திருக்க வேண்டும். கேமரா மொத்தப் படத்தின் வெளிச்சத்தைப் பார்த்து அளவைக் குறைக்கும், முகம் கறுத்துவிடும். இந்தத் தடவை ஜன்னலைப் பார்த்து உட்காருங்கள், லேப்டாப் நடுவில் இருக்கட்டும். 11 மணிக்கு வெயில் மேலே ஏறியிருக்கும். அப்படியும் நேராக முகத்தில் அடித்தால் ஜன்னலில் ஒரு வெள்ளை வேட்டியை ஒற்றையாகக் கட்டுங்கள், வெளிச்சம் பரவி மென்மையாகிவிடும். தலைக்கு நேர் மேலே எரியும் டியூப்லைட்டை மட்டும் நம்பினால் கண்ணுக்குக் கீழே குழி விழுந்த மாதிரி நிழல் வரும். மழை மூட்டம் என்றால், முன்னால் ஒரு 9 வாட் எல்இடி பல்பை எதிர்ச் சுவரைப் பார்க்கத் திருப்பி வையுங்கள். சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் முகத்தில் சமமாக விழும். ஜன்னலையும் அந்த இடத்தையும் மட்டும் விட்டு ஜமுக்காளத்தைக் கட்டுங்கள். கண்ணாடி போடுபவராக இருந்தால் விளக்கைக் கொஞ்சம் பக்கவாட்டில் நகர்த்துங்கள்.

பலருக்குத் தெரியாத ஒன்றும் உண்டு. வெளிச்சம் போதவில்லையென்றால் லேப்டாப் கேமரா படம் எடுக்கும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கை அசைத்தால் இழுத்தாற்போல் தெரியும், உதடு விட்டு விட்டு நகரும். நெட் சரியில்லை என்று நினைத்துக்கொள்வோம். விளக்கு ஒன்றை ஏற்றிப் பாருங்கள், சில சமயம் அதிலேயே சரியாகிவிடும்.

கண் விஷயத்துக்கு வருகிறேன். லேப்டாப்புக்கு அடியில் புத்தகங்களை அடுக்கி, கேமரா உங்கள் கண் உயரத்துக்கு வரும்படி வையுங்கள். பிறகு ஜூம் சன்னலைச் சின்னதாக்கி, பேசுபவர் முகம் கேமராவுக்கு நேர் கீழே வரும்படி மேலே இழுத்து விடுங்கள். கண் கொஞ்சம் கீழே இறங்கினால் எதிரில் இருப்பவருக்கு அவ்வளவாகத் தெரியாது. பக்கவாட்டில் போனால்தான் உடனே தெரியும். சற்றுத் தள்ளி உட்காருவதும் உதவும். அவர் கண் கேமராவுக்கு 10 சென்டிமீட்டர் கீழே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் 40 சென்டிமீட்டரில் இருந்தால் உங்கள் பார்வை சுமார் 14 டிகிரி தாழும். 70 சென்டிமீட்டரில் இருந்தால் 8 டிகிரிதான். எப்போதும் கேமராவையே முறைக்க வேண்டாம். அவர் பேசும்போது அவர் முகத்தைப் பாருங்கள். பதிலைத் தொடங்கும்போதும் முடிக்கும்போதும் கேமராவைப் பாருங்கள். உங்கள் சொந்தப் படம் கண்ணை இழுக்கும். அதன் மெனுவில் Hide Self View என்று இருக்கும், அதை அழுத்திவிடுங்கள்.

அப்புறம் கரண்ட். பராமரிப்புக்காக நிறுத்துவதை மின்வாரியம் முன்கூட்டியே அறிவிக்கும், செய்தித்தாளில் உங்கள் துணை மின் நிலையத்தின் பெயரைப் பாருங்கள். வியாழன் உங்கள் பகுதி அதில் இருந்தால், இன்றே நேர்காணல் நடத்தும் கம்பெனிக்கு எழுதி நேரத்தை மாற்றக் கேளுங்கள், அல்லது மின்சாரம் இருக்கும் உறவினர் வீட்டுக்குப் போய்விடுங்கள். திடீரென்று போவதுதான் சிக்கல். லேப்டாப் பேட்டரியில் ஓடும், வைஃபை பெட்டி ஓடாது. அதனால் போன் ஹாட்ஸ்பாட் தயாராக இருக்க வேண்டும், முடிந்தால் போனை லேப்டாப்போடு கேபிளில் இணைத்து. புதன்கிழமை ஒத்திகையின் நடுவில் வைஃபை பெட்டியின் பிளக்கை நீங்களே பிடுங்கிப் பாருங்கள். முதல் தடவை பாஸ்வேர்டு தேடவே நேரம் போகும். இரண்டாவது தடவை கை தானாகப் போகும். சிக்னல் பலவீனமாக இருந்தால், "வீடியோவை நிறுத்திக்கொள்ளலாமா சார்?" என்று கேட்டுவிட்டு நிறுத்துங்கள். குரலுக்கு மிகக் குறைந்த நெட் போதும்.

போனிலிருந்தே சேர வேண்டிவந்தால், முதலில் லேப்டாப்பில் வெளியேறுங்கள். இரண்டும் ஒரே அறையில் ஒலித்தால் காது கிழியும்படி ஊளையிடும்.

"மின்தடை ஏற்பட்டுவிட்டது, இரண்டு நிமிடத்தில் இணைகிறேன்" என்ற செய்தியை முன்பே அடித்து வைத்துக்கொள்ளுங்கள். அழைப்பு மடலில் இருக்கும் தொடர்பு எண்ணை ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டுங்கள். இரண்டு சிம் போட்ட போனில், ஒரு சிம்மில் அழைப்பு வந்தால் மற்ற சிம்மின் நெட் நின்றுவிடுவது உண்டு. எனவே நெட்டுக்கு அப்பாவின் போனை வாங்கிக்கொள்ளுங்கள், வேறு கம்பெனி சிம் என்றால் இன்னும் நல்லது. உங்கள் போன் அவர்கள் கூப்பிட்டால் எடுப்பதற்கு மட்டும் பக்கத்தில் இருக்கட்டும், சத்தமில்லாமல், திரை மேலே தெரியும்படி.