மாற்றி மாற்றிச் சேமித்தால் ஜேபெக் படத்துக்கு என்ன ஆகிறது?

பென்டிரைவில் காப்பி எடுத்தால், அடிக்கடி திறந்து பார்த்தால் ஜேபெக் படத்தின் தரம் குறையுமா? (மார்த்தாண்டம்)

குறையாது. திருத்திவிட்டு மறுபடி ஜேபெக்காகவே சேமிக்கும்போதுதான் இழப்பு.

திருவிதாங்கூர் காலத்து மலையாள ஆதாரப் பத்திரம் ஒன்றை ஸ்கேன் செய்து, தினம் கொஞ்சமாகக் கறை நீக்கினேன். இப்போது எழுத்துகளைச் சுற்றிப் புள்ளி புள்ளியாக அழுக்கு தெரிகிறது. ஏன்? (செங்கோட்டை)

ஜேபெக் படத்தை 8×8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தின் நுண்விவரத்தையும் தோராயமாக்கி வைக்கும். வெள்ளைத் தாளில் கறுப்பு மை என்றால் விளிம்பு கூர்மையாக இருக்கும். அந்தத் தோராயம் எழுத்தோரத்தில்தான் முதலில் கண்ணில் படும்.

எதையும் மாற்றாமல் ஒரே தர அளவில் திரும்பத் திரும்பச் சேமித்தால், சில முறைக்குப் பின் இழப்பு அநேகமாக நின்றுவிடும். நீங்கள் செய்தது அதுவல்ல. இடப்பக்கம் 3 பிக்சல் வெட்டினாலே கட்டங்கள் இடம் மாறும். பழைய கட்டத்தின் ஓரம் புதிய கட்டத்தின் நடுவில் விழுந்து, அதுவும் படத்தின் விவரமாகவே பதிவாகும். சாய்வை நேராக்குவதும் வெளிச்சத்தைக் கூட்டுவதும் எல்லாக் கட்டங்களையும் புதிதாகத் தோராயமாக்கும். படத்தை 300 சதவீதம் பெரிதாக்கிப் பாருங்கள்: வெறும் தாளிலும் சதுரக் கோடுகள் தெரிந்தால் இதுதான் காரணம்.

ஆதாரம் கையில் இருந்தால் மறுபடி ஸ்கேன் செய்வதே நல்லது. 300 டிபிஐ-யில், டிஃப் வடிவில் எடுங்கள். ஏ4 தாள் வண்ணத்தில் 2480×3508 பிக்சல், சுருக்காமல் ஏறக்குறைய 26 எம்பி வரும். அதுவே மூலப்பிரதி, `Read-only` ஆக்கிவிட்டு அதன் நகலில் வேலை செய்யுங்கள். கிம்ப் மென்பொருளில் `File > Save` கொடுத்தால் எக்ஸ்சிஎஃப் கோப்பாக இழப்பின்றிச் சேமிக்கும். அன்றன்றைய வேலைக்கு அது போதும். எல்லாம் முடிந்த பிறகு `Export As` வழியாக ஒரே ஒரு முறை ஜேபெக் எடுங்கள், தரம் 90. பின்னால் பிழை கண்டால் எக்ஸ்சிஎஃப்பைத் திருத்தி மறுபடி எடுங்கள், ஜேபெக்கைத் தொடாதீர்கள். ஜேபெக்கை நேரடியாகத் திறந்தால் மெனுவில் வரும் `Overwrite` தான் பலரையும் மாட்டிவிடுவது.

என்னிடம் இருப்பது சேலைப் படங்களின் ஜேபெக் மட்டும்தான். டிஃப்பாக மாற்றினால் தெளிவாகுமா? (நகரி)

போனது திரும்பாது. ஆனாலும் திருத்துவதற்கு முன் மாற்றிவிடுங்கள், மேலும் போகாமல் இருக்கும். சிவப்புக் கரையின் நிறம் பக்கத்து நூலில் கசிந்ததுபோல் தெரிந்தால், ஜேபெக் நிறத்தைப் பாதித் துல்லியத்தில் வைத்திருப்பதுதான் காரணம். கடைசியில் ஜேபெக் எடுக்கும்போது `Subsampling` என்ற இடத்தில் 4:4:4 தேர்ந்தெடுங்கள்.

படத்தைத் திருப்ப மட்டும் வேண்டும். அதற்குமா இழப்பு? (கம்பம்)

jpegtran என்ற கட்டளைவரிக் கருவியால் இழப்பில்லாமல் திருப்பலாம்:

```
jpegtran -rotate 90 -perfect -copy all -outfile new.jpg old.jpg
```

4000×3000 படத்தில் இது மறுக்கலாம். பல போன் படங்களில் நிறமும் சேர்ந்த கட்டம் 16 பிக்சல். 3000 அதில் சரியாக வகுபடாது, 8 மிஞ்சும். `-perfect`-க்குப் பதில் `-trim` போட்டால் அந்த 8 பிக்சல் ஓரம் மட்டும் போகும், மீதிப் படம் அப்படியே இருக்கும்.