மழைக்குப் பிறகு ஆர்சிசிபி விழுவது ஏன்: கட்டுமானத் தளத் தற்காலிக மின்சாரம் பற்றி

கேள்வி: எங்கள் சைட்டில் மழை பெய்த மறுநாள், மின் பகிர்வுப் பெட்டியான டிபியில் இருக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி அடிக்கடி விழுகிறது. ஒவ்வொரு மெஷினாக மாற்றிப் பார்த்தும் காரணம் தெரியவில்லை. இதை 100 மில்லி ஆம்பியர் உள்ளதாக மாற்றிவிட்டால் சரியாகிவிடுமா?

மாற்றாதீர்கள். மின்சாரம் தரைக்குக் கசிந்தால் தானாக விழுந்து அதைத் துண்டிக்கும் சுவிட்ச்தான் ஆர்சிசிபி. மாற்றினால் விழுவது நின்றுவிடும் என்பது உண்மைதான். ஆனால் ஆளைக் காப்பாற்றும் வேலையும் அதோடு பெரும்பாலும் நின்றுவிடும். சிங்கப்பூரில் சாக்கெட்டுக்கு வரும் மின்னழுத்தம் 230 வோல்ட். ஈரத் தரையில் நிற்கும் ஒருவர் பழுதான கம்பியைத் தொடும்போது கை, உடல், பூட்ஸ், தரை எல்லாம் சேர்ந்த தடை 3000 ஓம் என்று வைத்துக்கொண்டால், அவர் உடல் வழியாக ஏறத்தாழ 77 மில்லி ஆம்பியர் பாயும். சில நொடிகள் நீடித்தால் இதயத் துடிப்பையே குலைக்கக்கூடிய அளவு அது. 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி அந்த மின்னோட்டத்தை ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்குக்குள் துண்டித்தாக வேண்டும். 100 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியோ 77 மில்லி ஆம்பியரில் விழலாம், விழாமலும் இருக்கலாம். விழ வேண்டும் என்ற கட்டாயம் அதற்கு 100-ல்தான் தொடங்குகிறது. ஆர்சிசிபி உடலில் பாயும் மின்னோட்டத்தைக் குறைப்பதில்லை, அது பாயும் நேரத்தை மட்டுமே குறைக்கிறது. அது விழவில்லை என்றால் அந்த நேரத்துக்கு எல்லையே இல்லை.

இனி உங்கள் சிக்கலுக்கு வருகிறேன். மெஷினை மாற்றிப் பார்த்தும் காரணம் பிடிபடாததற்கு, காரணம் பெரும்பாலும் மெஷினில் இல்லாததே காரணம். ஆர்சிசிபி தன் வழியாகப் போகும் மின்னோட்டத்தையும் நியூட்ரல் வழியாகத் திரும்பி வருவதையும் ஒப்பிடுகிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், அதாவது தரைக்குக் கசிந்து போன அளவு, எல்லையைத் தாண்டினால் விழுகிறது. அந்தக் கசிவு ஒரே இடத்தில் நிகழ்ந்ததா, பத்து இடங்களில் சிறிது சிறிதாக நிகழ்ந்ததா என்பது அதற்குத் தெரியாது. 30 என்று எழுதியிருந்தாலும், 15 வரை விழக்கூடாது, 30-ல் விழுந்தாக வேண்டும் என்பதுதான் விதி. இடையில் எந்த அளவிலும் அது விழலாம். பல நேரங்களில் 20-ஐ ஒட்டியே விழுந்துவிடும். ஆகவே ஒரே ஆர்சிசிபியின் கீழ் நான்கைந்து லைன்களும் அவற்றிலிருந்து நீளும் எக்ஸ்டென்ஷன் போர்டுகளும் இருந்தால், கசிவுகளின் கூட்டுத்தொகை மழைநாளில் அந்த விளிம்பை எட்டிவிடுகிறது. அப்போது கடைசியாகச் செருகப்பட்ட மெஷின்மீது பழி விழுகிறது.

நவம்பர் மழையில் நான் பார்த்த ஒரு தளத்தில் இதே கதைதான் நடந்தது. தேங்கிய நீரை இறைக்கும் பம்பைப் போட்டதும் ஆர்சிசிபி விழும். பம்பை மாற்றினார்கள், புதிய பம்புக்கும் விழுந்தது. உரிமம் பெற்ற மின் பணியாளர் வந்து, கசிவு அளக்கும் கிளாம்ப் மீட்டரை ஒவ்வொரு லைனின் லைவ், நியூட்ரல் கம்பிகள் இரண்டையும் சேர்த்து வளைத்துப் பிடித்து அளந்தார். இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் போவதும் வருவதும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும், மீட்டரில் கசிவு மட்டும் தெரியும். நான்கு லைன்களில் 2, 3, 12, 3 மில்லி ஆம்பியர் என்று வந்தது, பம்ப் இல்லாமலேயே மொத்தம் 20. பம்பின் கசிவு 3 மட்டுமே. அந்த ஆர்சிசிபியைச் சோதனைக் கருவியில் பார்த்தபோது அது 22-ல் விழுந்தது. அதாவது, கருவியும் சரி, பம்பும் சரி. மூன்றாவது லைன்தான் நிலைமையை விளிம்பில் நிறுத்தியிருந்தது.

அந்த லைனைப் பின்தொடர்ந்து போனால், ஸ்லாபின் மிகத் தாழ்ந்த மூலையில், தூண் அடியில், வீட்டுக்கு வாங்கும் வகையைச் சேர்ந்த ஒரு நான்கு சாக்கெட் போர்டு கிடந்தது. கறுப்பு டேப் நான்கு சுற்றுச் சுற்றியிருந்தார்கள். டேப்பைப் பிரித்து, திருகுகளைக் கழற்றித் திறந்ததும் உள்ளே சிமெண்ட் கலந்த சாம்பல் நிற நீர். லைவ் பட்டையிலிருந்து எர்த் பட்டை வரை பழுப்புக் கோடு ஒன்று ஓடியிருந்தது. செம்பு முனைகள் பச்சை பூத்திருந்தன. 12 மில்லி ஆம்பியர் கசிகிறது என்றால் லைவுக்கும் எர்த்துக்கும் இடையே சுமார் 19 கிலோ ஓம் மட்டுமே இருக்கிறது என்று பொருள். மின்சாரத்தை நிறுத்திய பிறகு 500 வோல்ட் சோதனையில் அந்த இடம் குறைந்தது 1 மெகா ஓம் காட்ட வேண்டும். ஐம்பதில் ஒரு பங்குகூட இல்லை. போர்டை எடுத்துவிட்டு அந்த லைனை மறுபடி அளந்தபோது கசிவு 1 மில்லி ஆம்பியருக்கு இறங்கியது. மொத்தம் 9, பம்பையும் போட்டால் 12. அதன் பிறகு அது விழவில்லை.

டேப் சுற்றுவது நீரைத் தடுக்கும் என்ற நம்பிக்கைதான் எல்லாத் தளங்களிலும் என்னைக் கவலைப்படுத்துகிறது. டேப் நீரை உள்ளே விடாமல் தடுப்பதில்லை. உள்ளே போன நீரை வெளியேற விடாமல்தான் தடுக்கிறது. தளத்துக்கு உரியவை, மூடியும் பூட்டும் கொண்ட தொழிற்சாலை வகை பிளக்குகள்: 230 வோல்ட்டுக்கு நீலம், 110 வோல்ட்டுக்கு மஞ்சள், 400 வோல்ட்டுக்குச் சிவப்பு. ஐபி 44 என்று குறியிட்டிருந்தால் தெறிக்கும் நீரைத் தாங்கும், தேங்கிய நீரில் கிடப்பதைத் தாங்காது; ஐபி 67 கொஞ்ச நேரம் மூழ்கினாலும் தாங்கும். இரண்டுமே பிளக்கை முழுவதும் செருகிப் பூட்டியிருந்தால்தான். நீல பிளக்கில் அடாப்டரைப் போட்டு அதில் சாதாரண 13 ஆம்பியர் பிளக்கைச் செருகினால், அந்த மதிப்பெண்ணுக்குப் பொருளே இல்லாமல் போய்விடும்.

கம்பி போகும் வழியில்தான் இதைப் பெருமளவு தடுக்க முடியும். லைன் தலைக்கு மேலே, மின்கடத்தாக் கொக்கிகளில் தொங்க வேண்டும். சாரக் குழாயில் கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டினால், காற்றில் ஆடி ஆடி அந்தக் கட்டுக்கம்பியே மேலுறையை அறுத்துவிடும், அப்போது சாரமே மின்னேறிவிடலாம். வண்டி கடக்கும் இடத்தில் குழாய்க்குள்ளோ கனமான காப்புப் பாலத்தின் கீழோ போக வேண்டும். லைன் போர்டுக்குள் நுழையும் முன் ஒரு சிறு தொங்கல் விட்டு, அதன் தாழ்ந்த இடம் போர்டின் வாய்க்குக் கீழே இருக்கும்படி செய்தால், கம்பி வழியே வழியும் மழைநீர் அங்கேயே சொட்டிவிடும், உள்ளே போகாது. இணைப்பு போர்டுகள் ஸ்டாண்டில் நிற்க வேண்டும். ஸ்லாபில் நீர் எங்கே தேங்கும் என்பதை ஒரு மழை போதும், எல்லோரும் பார்த்துவிடலாம். அந்த மூலையில் இணைப்பு எதுவும் இருக்கக்கூடாது. லைனின் மேலுறை ரப்பராக இருக்கட்டும். வீட்டு பிவிசி லைன் கான்கிரீட் மேல் இழுபட்டு வெகு சீக்கிரம் தேய்ந்துவிடும்.

உங்கள் தளத்தில் தேடும்போது கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. சிலநேரம் கசிவது லைவ் அல்ல. நியூட்ரல் கம்பி நீரில் எர்த்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். நியூட்ரலில் அழுத்தம் மிகக் குறைவு என்பதால் சும்மா இருக்கும்போது ஒன்றும் ஆகாது. ஆனால் அதே ஆர்சிசிபியின் கீழ் எங்காவது பெரிய மெஷின் ஒன்று ஓடத் தொடங்கினால், அதன் மின்னோட்டத்தில் ஒரு பகுதி நியூட்ரல் வழியாகத் திரும்பாமல் எர்த் வழியாகப் போய்விடும், உடனே ஆர்சிசிபி விழும். மெஷின் வேறு லைனில் இருந்தாலும் இப்படியே நடக்கும். இதைக் கண்டுபிடிக்க, மின்னோட்டம் அதிகமானால் விழும் சுவிட்சான எம்சிபியை ஆஃப் செய்து பார்ப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். ஒற்றைத் துருவ எம்சிபி லைவ் கம்பியை மட்டும்தான் துண்டிக்கிறது. நியூட்ரல் தொட்டபடியே இருக்கும். எனவே பிளக்குகளை எல்லாம் உருவி வெளியே எடுங்கள். ஆர்சிசிபியை ஏற்றுங்கள். நின்றால், டிபி வரை நன்றாக இருக்கிறது. பிறகு ஒவ்வொரு லைனாகச் செருகி, ஒவ்வொன்றுக்குப் பிறகும் ஒரு நல்ல மெஷினை ஓட்டிப் பாருங்கள். எதுவும் தனியாக விழாமல், பலவும் சேரும்போது மட்டும் விழுந்தால் அது கூட்டுக் கசிவு. கிளாம்ப் மீட்டர்தான் வழி. பிளக்கை உருவுவது வரை நீங்கள் செய்யலாம். டிபியைத் திறப்பதும் அளப்பதும் எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் உள்ளவருடைய வேலை. தளங்களின் தற்காலிக மின்னமைப்புக்கு எஸ்எஸ் 650 என்ற தர விதியே தனியாக இருக்கிறது, அவரிடம் அதைச் சுட்டிக்காட்டிப் பேசலாம்.

அளந்த பிறகும் கூட்டுக் கசிவு 10-ஐத் தாண்டினால், ஒரே ஆர்சிசிபியின் கீழ் எல்லாவற்றையும் வைக்காமல், ஆர்சிசிபியும் எம்சிபியும் ஒன்றாகச் சேர்ந்த ஆர்சிபிஓவை, லைனுக்கு ஒன்றாக 30 மில்லி ஆம்பியரில் போடச் சொல்லுங்கள். அப்போது ஒரு லைன் நனைந்தால் அந்த லைன் மட்டும் விழும், எது பழுது என்பதும் உடனே தெரியும். நீங்கள் கேட்ட 100 மில்லி ஆம்பியர் கருவிக்கும் இடம் உண்டு: மெயினில், தாமதித்து விழும் வகையாக, 30-களுக்கு மேலே. 30-க்குப் பதிலாக அல்ல. நீர் தேங்கும் குழிகளிலும் இடுக்கான ஈர இடங்களிலும் கைக்கருவிகளுக்கு நடுமுனை எர்த் செய்த 110 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் கேளுங்கள்; அங்கே ஒரு கம்பிக்கும் தரைக்கும் இடையே 55 வோல்ட் மட்டுமே இருக்கும்.

சோதனைப் பொத்தானைத் தினமும் அமுக்கிப் பார்க்கிறோம், அது விழுகிறது, ஆகவே பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். பொத்தான் கருவியின் உள்ளேயே ஒரு செயற்கைக் கசிவை உண்டாக்குகிறது. எர்த் கம்பியைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. லைனில் எர்த் எங்காவது அறுந்திருந்தால், உலோக உடலுள்ள பம்பில் லைவ் பட்டாலும் மின்னோட்டம் போக வழியில்லை, ஆர்சிசிபி விழாது. பம்பின் உடல் 230 வோல்ட்டில் சும்மா காத்திருக்கும், முதலில் தொடுபவர்தான் அந்த வழியாகிறார். அதனால் நனைந்த லைன்களைச் சரி செய்யும் அதே நாளில், ஒவ்வொரு லைனின் எர்த்தும் பிளக்கிலிருந்து கடைசி சாக்கெட் வரை அறாமல் போகிறதா என்று தொடர்ச்சிச் சோதனை செய்து, சீட்டில் தேதியோடு எழுதி லைனில் ஒட்டச் சொல்லுங்கள்; சோதனைச் சீட்டு இல்லாத லைனை அன்றே தளத்திலிருந்து வெளியே எடுத்துவிடுங்கள்.