வகுத்தால் வழு குறையுமா?

கேள்வி: செப்புக்கம்பித் துண்டின் அடர்த்தி காணும் செய்முறையில் திணிவுக்கு 0.44%, நீளத்துக்கு 0.21%, விட்டத்துக்கு 1.22% என வழு வந்தது. சமன்பாட்டில் நீளமும் விட்டமும் கீழே இருப்பதால் அவற்றின் வழுவைக் கழித்தேன். கழிக்கக் கூடாது, விட்டத்தின் வழுவை இரண்டால் பெருக்கு என்று ஆசிரியர் சிவப்பு மையால் எழுதிவிட்டார். ஏன்?
– உயர்தர மாணவி, களுவாஞ்சிகுடி

பதில்: மகள், கழித்தபோது உங்களுக்கு −0.99% வந்திருக்கும். வழு பூச்சியத்துக்குக் கீழே போன அந்த இடத்திலேயே பேனாவை வைத்துவிட்டு யோசித்திருக்க வேண்டும். மூன்று கருவிகளும் கொஞ்சம் கொஞ்சம் ஐயத்தோடு வாசிப்பைத் தந்திருக்க, முடிவில் மட்டும் ஐயம் எப்படி இல்லாமல் போகும்?

உங்கள் வாசிப்புகளையே எடுப்போம். இலத்திரனியல் தராசில் திணிவு 2.25 கிராம், வழு 0.01 கிராம். மீற்றர்க் கோலில் நீளம் 48.0 சென்ரிமீற்றர், வழு 0.1. நுண்மானித் திருகுக்கணிச்சியில் விட்டம் 0.82 மில்லிமீற்றர், வழு 0.01. அடர்த்திக்கான கோவை இது:

```
ρ = 4m / (π d² l)
```

விட்டத்தைச் சென்ரிமீற்றருக்கு மாற்றிப் போட்டால் 8.88 g/cm³ வரும்.

இரண்டு மடங்கு ஏன் என்பதற்குப் படுவான்கரைப் பக்கம் ஒரு வயலுக்குப் போய்வருவோம். பக்கம் 100 மீற்றர் உள்ள சதுர வயல். பரப்பு 10,000 சதுர மீற்றர். போடியார் இரண்டு பக்கத்து வரம்பை ஒவ்வொரு மீற்றர் வெளியே தள்ளிக் கட்டிவிடுகிறார். பக்கம் 101 ஆகிறது, பரப்பு 10,201. கூடிய 201இல், இரண்டு வரம்போரமும் கிடைத்த நீளத் துண்டுகள் தலா 100 சதுர மீற்றர். மூலையில் ஒட்டிக்கொண்ட சிறு சதுரம் 1 சதுர மீற்றர். பக்கம் 1% கூடியதற்குப் பரப்பு 2% கூடிவிட்டது. மூலைச் சதுரம் வெறும் 0.01%, அதை விட்டுவிடலாம். கம்பியின் விட்டமும் அப்படியே d × d என இரண்டு தடவை உள்ளே வருகிறது. இரண்டு தடவையும் அதே வாசிப்புத்தான். ஒன்று கூடியிருந்தால் மற்றதும் கூடியே இருக்கும், ஒன்றையொன்று ஈடுசெய்யாது. அதனால் 1.22 என்பது 2.44 ஆகிறது.

இனிக் கீழே இருக்கும் கணியங்கள். 100ஐ 100ஆல் வகுத்தால் 1. கீழே உள்ள 100, 1% குறைந்து 99 ஆகிவிட்டால் விடை ஏறத்தாழ 1.01. கீழே குறைந்தால் மேலே கூடும், அவ்வளவுதான். உங்கள் வாசிப்பு எந்தப் பக்கம் பிசகியிருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாது. திணிவு கூடுதலாகவும், விட்டமும் நீளமும் குறைவாகவும் வாசிக்கப்பட்டிருந்தால் மூன்று பிசகும் அடர்த்தியை ஒரே பக்கம் தள்ளும். அந்த மோசமான நிலைக்கும் இடம் விட்டுத்தான் வழுவைச் சொல்கிறோம். ஆகவே:

```
0.44 + 2(1.22) + 0.21 = 3.09 %
```

4க்கும் π க்கும் வழு இல்லை. 22/7 போட்டாலும் பிசகு 0.04% தான், இங்கே அது கணக்கில் வராது.

நம்பிக்கை வராவிட்டால் நீங்களே சோதித்துப் பாருங்கள். திணிவு 2.26, விட்டம் 0.81, நீளம் 47.9 என்று போட்டால் அடர்த்தி 9.16. எதிர்ப்பக்கமாக 2.24, 0.83, 48.1 போட்டால் 8.61. நடுவிலிருந்து மேலே 0.28, கீழே 0.27. 8.88இன் 3.09% என்பதும் 0.27 தான். சூத்திரம் நினைவில் வராத பரீட்சை மண்டபத்தில்கூட இந்தச் சோதனை கைகொடுக்கும். முடிவை 8.9 ± 0.3 g/cm³ என்று எழுதுங்கள், வழுவே 0.3 ஆனபின் 8.876 என்று மூன்று தசமதானம் எழுதுவதில் பொருளில்லை. செம்பின் அடர்த்தி 8.96. உங்கள் எல்லைக்குள் அது அடங்கியிருக்கிறது.

பின்னாளில் வந்தாறுமூலையிலோ சம்மாந்துறையிலோ பல்கலைக்கழக ஆய்வுகூடத்துக்குப் போனால், வழுக்களை வர்க்கித்துக் கூட்டி வர்க்கமூலம் எடுக்கச் சொல்வார்கள். மூன்று கருவியும் ஒரே நேரத்தில் ஒரே பக்கம் பிசகுவது அரிது என்பதே காரணம். அப்படிச் செய்தால் உங்களுக்கு 2.5% அளவில் வரும். அங்கேயும் விட்டத்தின் 1.22ஐ முதலில் இரட்டித்துவிட்டுத்தான் வர்க்கிக்க வேண்டும். உயர்தரத்துக்கு நேரான கூட்டலே போதும்.

ஆசிரியரின் சிவப்பு மையை விட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. 3.09இல் 2.44 விட்டத்தினுடையது. நீளத்தை இன்னும் கவனமாக அளந்தும் இன்னொரு தசமதானம் காட்டும் தராசைத் தேடியும் பயனில்லை. அவை இரண்டையும் பூச்சியமாக்கினாலும் 2.44 அப்படியே நிற்கும். கம்பியை ஒரு பென்சிலில் நெருக்கமாக 20 சுற்றுச் சுற்றி, அந்த அகலத்தை வேணியர் இடுக்கிமானியால் அளந்து பாருங்கள். 16.4 மில்லிமீற்றரில் 0.1 என்றால் 0.61%. இரட்டித்தால் 1.22, மொத்தம் 1.87% ஆக இறங்கிவிடும். இழிவெண்ணிக்கை பெரிதான கருவி, சிறிதான கருவியை வென்றுவிடுகிறது. ஆனால் சுற்றுகளுக்கிடையே வெளிச்சம் தெரிந்தால் விட்டம் கூடுதலாக வரும், அடர்த்தி குறையும். கணித்த வழு அதைக் காட்டித் தராது.

அதே வகையில் நான் ஒருமுறை மாட்டிக்கொண்டேன். மோட்டார் சுற்றும் கடையொன்றில் வாங்கிய செப்புக்கம்பியை வகுப்புக்குக் கொடுத்தேன். எல்லாருக்கும் அடர்த்தி 8.1க்குக் கிட்ட வந்தது. ஒருவருக்கும் 9ஐத் தொடவில்லை. தற்செயலான வழுவென்றால் சிலருக்கு மேலே, சிலருக்குக் கீழே வந்திருக்கும். கம்பியின் மேல் பூசியிருந்த காவலி அரக்குத்தான் காரணம். விட்டத்தில் 0.04 மில்லிமீற்றர் அரக்குச் சேர்ந்தாலே கனவளவு 10% போல ஊதிவிடும். நுனியை அரத்தாளால் தேய்த்து விட்டுத் திரும்ப அளந்தபோது விளங்கிவிட்டது.

கடைசியாக, கழித்தல் உள்ள இடத்தில் மேலே சொன்ன முறை செல்லாது. கம்பியை ஒரு கிண்ணத்தில் வைத்து 52.31 கிராம், வெறுங்கிண்ணம் 50.06 கிராம் என்று நிறுத்திருந்தால் திணிவு 2.25 தான். ஒவ்வொரு வாசிப்பின் சதவீத வழுவும் 0.02 மட்டுமே, அவற்றைக் கூட்டி 0.04% என்று எழுதுபவர்கள் பலர். அங்கே கூட்ட வேண்டியவை சதவீதங்கள் அல்ல, கிராமில் உள்ள வழுக்கள்: 0.01 + 0.01 = 0.02 கிராம். 2.25இல் அது 0.89%. முதலில் இதை முடித்து, வந்த 0.89ஐ மற்றச் சதவீதங்களோடு சேருங்கள். நுண்மானியின் பூச்சிய வழுவைக் கழிக்கும்போதும் இதே கதைதான்: பூச்சிய வாசிப்பும் ஒரு வாசிப்பு, அதற்கும் 0.01 உண்டு.